தடுப்புச்சுவரைத் தள்ளுவது மண்ணா, தண்ணீரா? வீப் ஹோல், ஜல்லி, மணல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கம் சரிவில் வீடு கட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் 10 அடி கருங்கல் தடுப்புச்சுவர் பல வருஷம் அசையாமல் நின்றது. ஒரே மழையில் விழுந்துவிட்டது. கல்லும் சிமென்ட் கலவையும் நன்றாகத்தான் இருந்தன. பிறகு எப்படி விழும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 3 மீட்டர் உயரச் சுவர், அதாவது சுமார் 10 அடி. மேலே 60 செ.மீ. அகலம், அடியில் 1.8 மீட்டர். மலைப்பகுதியில் மேஸ்திரிகள் வழக்கமாகக் கட்டுகிற அளவு இதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மீட்டர் நீளத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் எடை 8.3 டன் வரும்.

பின்னால் இருக்கிற மண் உலர்ந்து, தண்ணீர் வடிந்த நிலையில் இருந்தால், அது இந்தத் துண்டைத் தள்ளுகிற விசை ஏறக்குறைய 2.7 டன். சுவரின் அடிப்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்கிற உராய்வு, எடையில் பாதி என்று வைத்தால், 4.1 டன். தள்ளுவதைவிடப் பிடிப்பது ஒன்றரை மடங்கு. சுவர் நிற்கிறது.

இப்போது அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் மேல்மட்டம் வரை நிரம்பிவிட்டது என்று வையுங்கள். மண் தண்ணீரில் மிதப்பதுபோல் எடை குறைந்துவிடும். அதனால் மண் மட்டும் தள்ளுவது 1.5 டன்னாகக் குறைகிறது. ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 4.5 டன் தள்ளும். மொத்தம் 6 டன், அதாவது முன்பு இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அத்துடன் விடாது. அந்தத் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியிலும் புகுந்து சுவரை மேல்நோக்கித் தூக்கும். அந்தத் தூக்கு விசை 2.7 டன் என்றால், தரையில் நிஜமாக அழுந்துவது 5.6 டன்தான். உராய்வு 2.8 டன்னுக்கு இறங்கிவிடும். 2.8 டன் பிடியை வைத்துக்கொண்டு 6 டன் தள்ளலைச் சமாளிக்க முடியாது.

கல்லும் மாறவில்லை, கலவையும் மாறவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுச் சுவர் மண்ணைத் தாங்குவதற்குச் சரியான அளவில்தான் கட்டப்பட்டிருக்கும். அணைபோல் தண்ணீரைத் தாங்குவதற்கு அல்ல. இத்தனை வருஷமும் அது நின்றது, தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறாததால்தான்.

அப்படியென்றால் சுவரையே இன்னும் தடிமனாகக் கட்டிவிட்டால் என்ன? தண்ணீர் வடியச் சுவரில் விடுகிற துளையான வீப் ஹோல் தொல்லையே வேண்டாமே.

கட்டலாம். மேலே பார்த்த 3 மீட்டர் சுவரின் அடிப்பக்கம் 1.8 மீட்டரிலிருந்து 5 மீட்டரைத் தாண்டிப் போகும். அப்போதும் தூக்கு விசை கூடவே வளரும், ஏனென்றால் அடி அகலமானால் தண்ணீர் தூக்குகிற பரப்பும் அகலமாகிறது. நீங்கள் கூடுதலாகக் கொட்டுகிற கல்லில் ஒரு பங்கு அந்தத் தூக்கலைச் சமாளிப்பதற்கே போய்விடும். இரண்டு லோடு ஜல்லியும் சில பைப்புகளும் செய்கிற வேலையை அத்தனை கல்லைக் கொண்டு செய்வது வீண் என்பது என் கருத்து. வடிகால் வைக்க வழியே இல்லாத இடத்தில் மட்டும், உதாரணமாகத் தரைமட்டத்துக்குக் கீழே அறை கட்டும்போது, முழு நீரழுத்தத்துக்கும் சேர்த்து டிசைன் செய்வார்கள்.

சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் அகல இடுக்கில்தான் தண்ணீர் நிற்கிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீரா இவ்வளவு தள்ளும்?

தள்ளும். தண்ணீரின் அழுத்தம் அது எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு அகலம், எத்தனை லிட்டர் என்பதைப் பொறுத்தது அல்ல. 3 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 3 டன். பின்னால் ஏரியே இருந்தாலும் அதே 3 டன், விரல் அகல இடுக்கு இருந்தாலும் அதே 3 டன். சுவரின் பின்புறம் வெயில் காலத்தில் மண் சுருங்கிப் பிரிந்து, மேலே நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழுமே, அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதல் கனமழையில் அது நிரம்பச் சில குடம் தண்ணீர் போதும்.

நல்ல பக்கமும் ஒன்று உண்டு. தண்ணீர் கொஞ்சமாக இருப்பதால், அதை வெளியேற்றவும் கொஞ்ச நேரம் போதும். வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீப் ஹோல் எத்தனை, எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது?

வீட்டு அளவிலான சுவருக்கு 75 அல்லது 100 எம்எம் பிவிசி பைப். குறுக்கும் நெடுக்குமாக 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று. ஒரு வரிசையில் இருக்கிற இரண்டு துளைகளுக்கு நடுவில் மேல் வரிசைத் துளை வரும்படி மாற்றி மாற்றி வையுங்கள். பைப் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். 20 செ.மீ.க்கு 1 செ.மீ. இறக்கம் கொடுத்தால் போதும். கொத்தனார்கள் பலர் பைப்பை மட்டமாகவோ, கவனமில்லாமல் உள்நோக்கிச் சரித்தோ வைத்துவிடுவார்கள். கலவை இறுகுமுன் ஒரு குவளைத் தண்ணீரைப் பைப்பின் பின்வாயில் ஊற்றிப் பாருங்கள். முன்பக்கம் வராவிட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

முக்கியமானது கீழ் வரிசை. மேல் வரிசைத் துளைகள் வேலை செய்கின்றன என்றால், அந்த உயரம் வரை தண்ணீர் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று அர்த்தம். முன்பக்கத் தரைக்கு மேல் 15 முதல் 30 செ.மீ.க்குள் கீழ் வரிசை இருக்க வேண்டும். பிற்பாடு முன்பக்கத்தில் மண் நிரப்பி டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால் அந்த உயரத்தையும் சேர்த்து இப்போதே யோசித்துவிடுங்கள். தோட்டம் போடுகிறோம் என்று மண் கொட்டிக் கீழ் வரிசையை மூடிவிட்ட வீடுகள் மலையில் ஏராளம்.

கீழ் வரிசைக்கும் கீழே, சுவரின் பின்புறம், களிமண்ணை ஈரப்படுத்தி இறுக்கி அடித்தோ, மெலிதான காங்கிரீட் போட்டோ ஒரு தளம் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி வழியாக இறங்குகிற தண்ணீர் துளையைத் தாண்டி அஸ்திவாரத்துக்குப் போய் அங்கே ஊறும்.

வீப் ஹோல் வைத்தோம். பின்னால் 40 எம்எம் ஜல்லியும் கொட்டினோம். முதல் வருஷ மழையில் செந்நிறத் தண்ணீர் நன்றாக வந்தது. இப்போது சொட்டுக்கூட வருவதில்லை. தண்ணீர் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. செந்நிறமாக வந்தது தண்ணீர் மட்டும் அல்ல, உங்கள் மண்ணும்தான். 40 எம்எம் ஜல்லிக்கு இடையில் விரல் நுழையும் சந்து இருக்கும். மலைச் செம்மண்ணில் பெரும்பகுதி மாவுபோல் நைசானது. தண்ணீர் ஓடும்போது அந்த மண் ஜல்லிக்குள் இறங்கும். கொஞ்சம் வெளியே போகும், மீதி ஜல்லியின் சந்துகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு ஜல்லி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இங்கேதான் ஃபில்டர் வருகிறது. அது இரண்டு வேலை செய்ய வேண்டும். மண்ணை விடக் கூடாது, தண்ணீரை விட வேண்டும். இதற்கு மண் பொறியியலின் முன்னோடி கார்ல் டெர்சாகி கொடுத்த விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்:

`D15 (ஃபில்டர்) / D85 (மண்) < 5`

`D15 (ஃபில்டர்) / D15 (மண்) > 5`

D85 என்றால், மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தால் எடையில் 85 சதவீதம் எந்த அளவைவிடச் சிறியதாக இருக்கிறதோ, அந்த அளவு. D15-உம் அப்படியே, 15 சதவீதத்துக்கு. முதல் வரி மண்ணைத் தடுக்கிறது, இரண்டாவது வரி தண்ணீர் தாராளமாகப் போக வழி செய்கிறது. முதல் வரியில் 4 என்றும் சிலர் இன்னும் கறாராக வைப்பார்கள்.

உதாரணமாக, உங்கள் மண்ணின் D85 0.6 எம்எம் என்று பரிசோதனையில் வந்தால், அதை ஒட்டி வருகிற பொருளின் D15 3 எம்எம்மைத் தாண்டக் கூடாது. 40 எம்எம் ஜல்லியின் D15 20 எம்எம்முக்கு மேல் இருக்கும். பல மடங்கு தாண்டிவிட்டது. 20 எம்எம் ஜல்லியும் தேறாது. சாதாரணக் காங்கிரீட் மணலின் D15 0.3, 0.4 எம்எம் அளவில் இருக்கும், அது தேறும்.

ஆனால் மணலை நேராக வீப் ஹோல் வாயில் வைத்தால் மணலே வெளியே ஓடிவிடும். அதனால் படிப்படியாகப் போக வேண்டும். மணலின் D85 2.5 எம்எம் என்றால், அடுத்த அடுக்கின் D15 12.5-க்குள் இருக்க வேண்டும். 20 எம்எம் ஜல்லி ஏறக்குறைய அங்கே வந்து பொருந்தும், 40 எம்எம் பொருந்தாது. ஆக மண், மணல், 20 எம்எம் ஜல்லி, சுவர் என்பது வரிசை. பைப்பின் வாய் இருக்கிற இடத்தில் மட்டும் 20 எம்எம் ஜல்லி உருண்டு உள்ளே போகாமலிருக்கக் கையளவு உடைகற்களை ஒவ்வொன்றாக அடுக்கி விடுங்கள். ஒரு ஆள் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை இது. ஜேசிபி வைத்து மண்ணைத் தள்ளுகிற அவசரத்தில் இதுதான் முதலில் விட்டுப்போகும்.

உங்கள் இப்போதைய சுவருக்கு வருவோம். வறண்ட துளை நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று சுவரின் முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மழை நாளில் துளை வறண்டிருக்க, அதைவிட உயரத்தில் கல் இணைப்புகள் வழியாக ஈரம் கசிந்தாலோ, வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ, பாசி பட்டையாகப் படர்ந்திருந்தாலோ, அந்த உயரம் வரை உள்ளே தண்ணீர் நிற்கிறது. துளை அடைத்திருக்கிறது. சுவரின் மேல் ஓரத்தில் தரை குழி விழுந்திருந்தால், போன மண் எங்கிருந்து போனது என்பதும் தெரிந்துவிடும்.

மணல், ஜல்லி என்று இரண்டு அடுக்கைத் தனித்தனியாக எப்படி நிறுத்துவது? கொட்டினால் கலந்துவிடுகிறதே.

ஒரு தகர ஷீட் போதும். இரண்டு அடுக்குக்கும் நடுவில் அதை நிறுத்தி, சுவர்ப் பக்கம் 30 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி, மறுபக்கம் அதே உயரத்துக்கு மணல், அதற்குப் பின்னால் மண். பிறகு ஷீட்டை மெதுவாக மேலே உருவி அடுத்த 30 செ.மீ. இப்படியே மேலே போக வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் கிடைமட்டமாக 30 செ.மீ. தடிமன் இருந்தால் கையால் செய்யும் வேலையில் பிசகு வந்தாலும் தாங்கும். நெடுஞ்சாலைப் பாலங்களின் சுவர்களுக்குப் பின்னால் மொத்தம் 60 செ.மீ. ஃபில்டர் போடுவது இதனால்தான்.

இதற்குப் பதில் ஜியோ டெக்ஸ்டைல் துணி போட்டால் மணல் தேவையில்லை என்கிறார்கள். மேஸ்திரியோ பைப் வாயில் சாக்கைக் கட்டினால் போதும் என்கிறார்.

துணி போடலாம், மணல் கிடைக்காத மலைச் சைட்டுகளில் அதுதான் வசதி. நெய்யாத வகைத் துணி கேளுங்கள். கம்பளிபோல் மெத்தென்று இருக்கும். சிமென்ட் சாக்குபோல் பின்னிய பளபளப்பான வகை இந்த வேலைக்குச் சரிப்படாது. துணியை ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் முழு உயரத்துக்கும் விரித்து, இணைப்பில் 30 செ.மீ. மேலேறும்படி போட்டு, மண் துணியோடு ஒட்டி உட்காரும்படி நிரப்ப வேண்டும். துணிக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட்டால், கலங்கல் தண்ணீர் அங்கே தேங்கித் துணிமேல் சேறு பூசிவிடும்.

சாக்கு விஷயத்தில் மேஸ்திரியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சணல் சாக்கு ஒன்றிரண்டு மழைக்காலத்தில் மக்கிப்போகும். மக்காத நல்ல துணியையே பைப் வாயில் மட்டும் கட்டினாலும் தவறுதான். முழுச் சுவருக்கும் வந்து சேருகிற சேறு உள்ளங்கை அகலத் துணியில் படிந்தால் எத்தனை நாள் தாங்கும்? வடிகட்டும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஆற்று மணல் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் போடலாமா? கிரஷர் டஸ்ட் மலிவாக இருக்கிறதே.

கழுவிய காங்கிரீட் எம்-சாண்ட் என்றால் சரி. கிரஷர் டஸ்ட் கூடவே கூடாது. அதிலிருக்கிற கல்மாவு தண்ணீரில் ஊறி இறுகிப்போகும். சந்தேகமாக இருந்தால் கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணல் மேல் படிகிற மாவுப்படலம் மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்த லோடை ஃபில்டருக்கு இறக்க மாட்டேன்.

வீப் ஹோலுக்குப் பதிலாக அடியில் நீளமாக ஓட்டை போட்ட பைப் வைப்பது நல்லதா?

முடிந்த இடத்தில் இரண்டையும் வையுங்கள். வீப் ஹோலில் ஒரு குறை உண்டு. தண்ணீரைச் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது, அங்கே அஸ்திவார மண் இளகும். அதனால் சுவரின் முன்னால் சிமென்ட் வாய்க்கால் கட்டாயம். அடிப் பைப் என்றால் தண்ணீரைச் சுவரோரமாகவே கொண்டுபோய்த் தள்ளி விட்டுவிடும். 110 எம்எம் பைப், 100-க்கு 1 இறக்கம், ஓட்டைகள் கீழ்ப்புறம் பார்த்தபடி. மேல்புறம் பார்த்தால் பைப் முழுக நிரம்பினால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும், அதற்குள் மண்ணும் விழுந்துவிடும். ஒரு முனையை மேலே தரை வரை ஏற்றி மூடி போட்டு வையுங்கள். வருஷம் ஒருமுறை ஹோஸ் விட்டுக் கழுவலாம். வீப் ஹோல் அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், அடிப் பைப் அடைத்தால் தெரியாது. இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

தண்ணீர் உள்ளே போகாமல் மேலே மூடிவிட்டால் இவ்வளவும் தேவையில்லையே?

குறையும், நிற்காது. மலைச் சரிவில் தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊறி வரும். மேலே இருக்கிற டீத்தோட்டத்தில் நேற்றுப் பெய்த மழை இன்று உங்கள் சுவருக்குப் பின்னால் வந்து சேரலாம். இருந்தாலும் மேற்புறத்தைக் கவனிப்பதுதான் மிகவும் மலிவான வேலை. சுவரின் மேல் ஓரத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் வாய்க்கால், நிரப்பு மண்ணின் மேல் 30 செ.மீ. களிமண் அடுக்கு, கூரைத் தண்ணீர் பைப் வழியாக நேராகக் கீழே. கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சுவருக்கு மேல்பக்கம் தோண்டாதீர்கள். மழையில்லாத மாசி, பங்குனியிலும் ஒரு துளையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தால், மேலே குளியலறைப் பைப்போ தண்ணீர்த் தொட்டியோ ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மழை நின்று வெயிலும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு சுவர் சாய்ந்தது என்றால் மழையைக் காரணம் சொல்ல முடியுமா?

முடியும். மண்ணுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். வானத்தில் மழை நின்ற பிறகும் சுவருக்குப் பின்னால் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். நீலகிரியில் 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது தொடர்ந்து பல நாள் பெய்த மழையில்தான். முதல் நாள் மழை மண்ணை ஊற வைக்கும். அடுத்து வருகிற மழைக்கு மண்ணில் இடம் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஜல்லி போட்டால் சுவர் மேல் நீரழுத்தம் இருக்காது, ஆனால் கனமழையில் பின்னால் சரியக்கூடிய மண்ணுக்குள் அழுத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதனால் உயரமான சுவர்களுக்கு ஜல்லி அடுக்கை வெட்டிய சரிவின் மேலேயே சாய்வாகப் போடச் சொல்வார்கள். தண்ணீர் அப்போது நேர்கீழாக இறங்கிவிடும். 10 அடிக்குள் இருக்கும் வீட்டுச் சுவருக்கு இது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

ஏற்கெனவே கட்டிய சுவரில் வீப் ஹோலே இல்லை. இப்போது போட முடியுமா?

சுவர் நேராக நிற்கிறது என்றால் முடியும். மழை இல்லாத மாதங்களில் செய்யுங்கள். பிரேக்கர் வைத்து இடிக்காமல் சுழலும் கோர் கட்டர் வைத்து, தரைக்குச் சற்று மேலே, உள்நோக்கிச் சற்றே ஏறுகிற மாதிரி 75 அல்லது 100 எம்எம் துளை போட்டு மண்ணுக்குள்ளும் ஒன்றிரண்டு மீட்டர் போக வேண்டும். அதில் நுண்ணிய பிளவு போட்ட பைப்பை, நெய்யாத துணி உறை மாட்டிச் செருகுவார்கள். துணி உறை இங்கே பைப்பின் முழு நீளத்துக்கும் வருகிறது, அதனால் பைப் வாயில் கட்டுகிற துணிபோல் சீக்கிரம் அடைக்காது. வெறும் துளை மட்டும் போட்டு விட்டால் மண் வெளியேறி உள்ளே பொந்து விழும். முதல் துளையில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் அடுத்ததைத் தொடாமல் அது வடியும் வரை காத்திருங்கள்.

எந்த நிலையில் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும்?

நடுவில் வயிறுபோல் புடைத்திருந்தால், மேலே சுவருக்கு இணையாகப் புதிய வெடிப்பு அகலமானால், இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்து திடீரென்று கலங்கிய தண்ணீர் பீய்ச்சினால், சுவரின் காலடித் தரை மேலெழும்பினால், அன்றே விலகிவிட வேண்டும். அந்த நேரத்தில் துளை போடுவதோ முட்டுக் கொடுப்பதோ வேண்டாம். மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, மழை பெய்துகொண்டிருந்த விடிகாலையில், உயரமான கருங்கல் சுவர் ஒன்று கீழே இருந்த வீடுகள் மேல் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும், சுவரின் கீழ்ப்பக்கம், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் படுக்கக் கூடாது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து இடைவெளியை டேப்பில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வருகிற பொறியாளர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.